முந்தைய பக்கம்

யட்டியாந்தோட்டை பஸார் தெருவில், காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோர் இருந்தது. அங்கே பதினாறு வருஷமாகக் கிளார்க் வேலை பார்த்தவர் பவுல். காணி வாங்கவும் விற்கவும் கடனுக்கு ஈடு வைக்கவும் வருகிறவர்களின் உறுதிப் பத்திரங்களைப் பார்ப்பதும், கேகாலை காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பதிவேடுகளைத் தேடுவதும் அவர் வேலை. அப்பா இறந்தபோது அவருக்கு இருபது வயது. தங்கச்சி ஸ்டெபானியை அவர்தான் படிக்க வைத்தார். அவள் இப்போது தெஹியோவிட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

ஸ்டெபானியின் கணவர் ரெஜினோல்டுக்குத் தோட்டத்து ரப்பர் பெக்டரியில் வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கொடுத்த இரண்டு அறையில்தான் குடும்பம் இருந்தது. பெக்டரி வேலை போனால் அறையும் போய்விடும். அதனால் 2003ஆம் வருஷம், மெயின் ரோட்டோரமாக ஒரு தனியார் ரப்பர் காணி துண்டு துண்டாக விலைக்கு வருகிறது என்று பவுல் சொன்னதும், இரண்டு பேரும் அன்றைக்கே போய்ப் பார்த்தார்கள். மரங்களை வெட்டி, பாதை இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை அடித்திருந்தார்கள். சொந்தக்காரர் குமாரசிறி முதலாளி அவர்களை முன்னால் அழைத்துப் போய்க் காட்டினார். ஒன்பதாம் துண்டு, ஏக்கருக்கு நூற்றறுபது பேர்ச்சஸ் கணக்கில் பன்னிரண்டு பேர்ச்சஸ், கிணற்றுக்கு வாட்டமான மூலை. ஸ்டெபானிக்கு அது பிடித்துப் போயிற்று.

"எல்லாம் நான் பாத்துட்டேம்மா. முப்பது வருஷத்து உறுதி சங்கிலி மாதிரி வருது. பெரியவர்கிட்டயிருந்து மகனுக்கு, மகன்கிட்டயிருந்து குமாரசிறிக்கு. எங்கயும் அறுபடல. நீ ஒண்ணும் ஓட வேண்டாம்" என்றார் பவுல். பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்றையும் கொடுத்தார். அதில் ஈடோ வழக்கோ எதுவும் இல்லை.

இந்தச் செய்தியை ஸ்டெபானி தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. அவள் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அம்மா தங்கம்மா ரப்பர் பால் வெட்டுகிறவள். மூத்த மகள் லெபனானிலிருந்து அனுப்பியதை வைத்துக்கொண்டு காணி தேடிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் பாத்த காணி, பயமில்லாம வாங்குங்க" என்று ஸ்டெபானிதான் சொன்னாள். தங்கம்மா ஐந்தாம் துண்டை வாங்கினாள். அவளைப் பார்த்து தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மேற்கணக்கு அழகமுத்துவும் இன்னும் மூன்று குடும்பங்களும் வாங்கின. எல்லா உறுதிகளும் பவுலின் கந்தோரில்தான் எழுதப்பட்டன.

ஸ்டெபானிக்கு மட்டும் தாமதமானது. ஆசிரியர்களுக்கான வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தாள். அவிசாவளை வங்கியிலிருந்த அதிகாரி தேவையான ஆவணங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முப்பது வருஷத்துக்கான உறுதிகள், அந்தக் காலம் முழுவதுக்குமான எல்லாப் பதிவேட்டுப் பக்கங்களின் அத்தாட்சிப் பிரதிகள், பிரதேச சபை அங்கீகரித்த நில அளவைப் படம், வீதியை அகலப்படுத்தும்போது காணி போகாது என்ற வீதிக்கோட்டுச் சான்றிதழ், காணியைப் பிரதேச சபை எடுத்துக்கொள்ளவில்லை என்ற சான்றிதழ்.

பவுலிடம் தாளைக் காட்டினாள். "எடுத்துத் தர்றேன்" என்றார். ஒரு மாதம் போனது. பிறகு, "இந்த லோன் எதுக்கு? வட்டி கட்டியே சாவ. ரெஜியோட சேமலாப நிதியும் ஒன் நகையும் போதும். மிச்சத்துக்கு மொதலாளி தவணை தருவாரு. வெள்ளிக்கிழமை உறுதி எழுதிரலாம்" என்றார்.

அவர் சொன்னதற்கு ரெஜினோல்ட் சம்மதித்தார். ஸ்டெபானிக்கு நகையைக் கொடுக்க மனமில்லை. அண்ணனுக்கு வேலை அதிகம், அதனால்தான் அந்தப் பிரதிகளை எடுக்க முடியவில்லை என்று நினைத்தாள். தானே போய் எடுத்துவிட்டால் அவருக்கும் சுமை குறையும். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கேகாலைக்கு பஸ் ஏறினாள்.

காணிப் பதிவகத்துக்கு வெளியே மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர்களில் ஒருவர் ஹுஸைன். வயதானவர், மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருந்தார். ஸ்டெபானி பவுல் கொடுத்த நகலை நீட்டி, இதற்கு அத்தாட்சிப் பிரதி வேண்டும் என்றாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரு பக்கம்தானே டீச்சர். மத்தப் பக்கம் எங்க?"

"இது மட்டும்தாங்க தந்தாங்க."

"இது 2002ல தொடங்கின பக்கம். மேல மூலையில பாருங்க, சின்னதா எழுதி ஈக்கிது. 291ஆம் தொகுதி, 140ஆம் பக்கத்திலேர்ந்து கொண்டு வந்தது. பக்கம் நெறஞ்சா புதுப் பக்கம் போடுவாங்க. பழைய பக்கத்தில உள்ளது அங்கேயேதான் கிடக்கும். முந்தின பக்கத்தப் பாக்காம காணிய வாங்க ஏலாது."

ஸ்டெபானி அந்த மூலையை அதுவரை கவனித்ததில்லை. கட்டணம் கட்டி, உள்ளே போய், அந்தப் பெரிய புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்தாள். சிங்களம் சரளமாகப் பேசுவாள். கையெழுத்தில் வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். 1974இல் பெரியவர் மகனுக்குக் கொடுத்த நன்கொடை உறுதி இருந்தது. 1989இல் மகன் குமாரசிறிக்கு விற்றது இருந்தது. அதற்குக் கீழே, பக்கத்தின் கடைசி வரி. 2001, ஈடு. குமாரசிறியின் காணி நாலு ஏக்கரும் முழுசாக அவிசாவளை வியாபாரி ஒருவருக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தது. ஈடு மீட்கப்பட்டதற்கான பதிவு அங்கேயும் இல்லை, அடுத்த பக்கத்திலும் இல்லை.

ஈட்டை எழுதிய நொத்தாரிசின் பெயரை அவள் இரண்டு தடவை வாசித்தாள். அது அண்ணனுடைய கந்தோர் நொத்தாரிசு.

வெளியே வந்து ஹுஸைனிடம் சொன்னாள். "ஈடு மீளாம வாங்கினா அந்த ஈடும் சேந்துதான் வரும் டீச்சர். வித்தவன் கட்டாட்டி கடன் குடுத்தவன் கோட்டுக்குப் போய் காணிய ஏலத்துக்குக் கொண்டு வருவான். ஈட்டுப் பத்திரத்திட பிரதியொன்று இங்க ஈக்கும். அதையும் எடுத்துப் பாருங்க. சபையிலயும் பிளானப் பத்திக் கேளுங்க" என்றார்.

மறுநாள் பிரதேச சபையில் கேட்டாள். துண்டு பிரிப்பதற்கு விண்ணப்பம் வந்திருக்கிறது, அனுமதி கொடுக்கவில்லை என்றார்கள். போட்டிருக்கும் பாதை போதிய அகலமில்லையாம்.

அப்போதும் அவள் மனம் அண்ணனுக்காகவே வாதாடியது. நொத்தாரிசு எழுதியிருக்கலாம், அண்ணனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். வியாழக்கிழமை மறுபடியும் கேகாலைக்குப் போய் ஈட்டுப் பத்திரத்தின் பிரதியை வாங்கினாள். பதிவகத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். சாட்சிகள் இரண்டு பேர். முதலாவது கையொப்பம் யாருடையது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய பள்ளி அறிக்கைகளில் எல்லாம், அப்பாவுக்கான இடத்தில் இருந்த கையொப்பம் அது.

யட்டியாந்தோட்டையில் இறங்கும்போது நாலரை மணி. நொத்தாரிசு கோட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை. பவுல் மட்டும் டைப்ரைட்டர் முன்னால் இருந்தார். பிரதியை மேசையில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. "கேகாலைக்கா போன?" என்றார்.

"ஒங்களுக்குச் செரமம் வேணாம்னு போனேண்ணா."

"ஒக்காரு. சொல்றேன். எல்லாத் துண்டும் வித்து முடிஞ்சா மொதலாளி ஈட்டக் கட்டிருவாரு. பெரிய காணியில இப்படித்தான் நடக்கும். நீ பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல."

"அப்போ ஏன் ஒரு பக்கத்த மட்டும் தந்தீங்க?"

மேசையில் அவளுடைய உறுதியின் சிங்கள வரைவு கிடந்தது. நாளைக்குக் கையெழுத்து வைக்க வேண்டியது. அதை எடுத்து மெதுவாக எழுத்துக் கூட்டினாள். கடைசியில், நொத்தாரிசு பதிவேட்டைத் தேடிப் பார்க்கத் தேவையில்லை என்று வாங்குகிறவரே கேட்டுக்கொண்டதாக ஒரு வரி இருந்தது.

"நான் எப்போ அப்படிக் கேட்டேன்?"

"அது சும்மா போடுறது. எல்லாருக்கும் போட்டிருக்கு."

"தங்கம்மாக்காவுக்கும் போட்டீங்களா? அவங்களுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாதேண்ணா."

பவுல் எழுந்து கதவை லேசாகச் சாத்தினார். "ஒரு துண்டு வித்தா எனக்கும் கொஞ்சம் தர்றாருதான். நான் மறைக்கல. பதினாறு வருஷமா அடுத்தவன் காணிக்குத்தான் எழுதுறேன். எனக்குன்னு ஒரு அடி நெலம் இருக்கா? பன்னெண்டாம் துண்டு எனக்குன்னு சொல்லியிருக்காரு. நீயும் நானும் பக்கத்துப் பக்கத்துல இருக்கலாம்னுதான் நெனச்சேன்."

அவர் அதை உண்மையாகவே சொன்னார். அதுதான் அவளைக் கூடுதலாக உடைத்தது. யாரோ ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவர் தன் தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டே அவளை ஈட்டுக்குள் இழுத்திருந்தார்.

"என்னைய விடுங்க. நான் சொன்னேன்னுதானே அவங்க வாங்கினாங்க" என்றாள். அழாமல் சொல்லி முடிக்க முடியவில்லை.

"இத வெளிய சொன்னா என் வேல போயிரும் ஸ்டெபி. ஒன்னப் படிக்க வச்சவன் நான்."

அவள் பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்று நாள் அவள் இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ரெஜினோல்டிடம் மட்டும் சொன்னாள். "நம்ம வாங்கல, அதோட விட்டுரு. அவரு ஒங்கண்ணன்" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது தங்கம்மா தன் துண்டில் முருங்கைக் கொம்பு நட்டுக்கொண்டிருப்பதைக் கண்டாள். அன்று பின்னேரம் ஐந்து குடும்பத்தையும் பள்ளிக்கூட வகுப்பறைக்குக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். சாட்சியின் பெயரையும் வாசித்தாள்.

யாரும் அவளை ஏசவில்லை. தங்கம்மா மட்டும், "நீங்க சொன்னீங்கன்னுதானே டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திருத்தும்போதெல்லாம் ஸ்டெபானியின் கை கொஞ்சம் தயங்கும்.

அழகமுத்துவின் தலைமையில் ஐந்து பேரும் அவிசாவளையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார்கள். குமாரசிறிக்குக் கடிதம் போனது, ஈடு பிடித்த வியாபாரிக்கும் போனது. கோட்டுக்குப் போனால் மீதித் துண்டுகளை யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்து, குமாரசிறி ரோட்டோரத்து இரண்டு ஏக்கரை ஒரு மர ஆலைக்காரருக்கு மொத்தமாக விற்றார். அந்தக் காசு நேராக வியாபாரியின் கைக்குப் போனது. ஒன்றரை வருஷம் இழுத்து, 2005 தொடக்கத்தில் ஈடு மீட்கப்பட்டுப் பதிவேட்டிலும் ஏறியது. பாதையை அகலப்படுத்த ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பேர்ச்சஸ் விட்டுக்கொடுத்த பிறகே சபை படத்தை அங்கீகரித்தது. தங்கம்மாவின் வீட்டுச் சுவர் அதுவரை இடுப்பளவிலேயே நின்றது.

பவுலை நொத்தாரிசு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஈட்டை எழுதியவர் அந்த நொத்தாரிசுதான். ஆனாலும் எல்லாத் தப்பும் கிளார்க்கின் தலையில் விழுந்தது. பவுல் ருவன்வெல்லையில் ஒரு கடையில் போட்டோகொப்பி மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். பன்னிரண்டாம் துண்டு மர ஆலைக்குள் போய்விட்டது.

ஸ்டெபானி 2007இல் கித்துல்கல ரோட்டில் எட்டு பேர்ச்சஸ் வாங்கினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவளே போனாள். மண்சரிவு பயம் உண்டா என்று அதிகாரிகளிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கினாள். வீடு குடிபுகுந்தபோது பவுலும் வந்தார். சாப்பிட்டார், பிள்ளைகளோடு பேசினார். அண்ணனும் தங்கச்சியும் பிறகு சண்டை போடவே இல்லை.

போன வாரம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாவின் நினைவுப் பூசை செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு என்றார். "சரிண்ணா, வந்துர்றேன்" என்று வைத்தாள். பிறகு கோயில் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து, செவ்வாய்க்கிழமை ஆறரைக்குத்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள். ரிசீவரை வைத்துவிட்டு, ரெஜினோல்டுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள்.