ஒன்றே முக்காலுக்கு விற்றவன்

நாற்பத்தேழை ஐம்பத்து மூன்றால் பெருக்கு என்று சொல்லி நாம் வாயை மூடுவதற்குள் இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்று என்று காஞ்சனாவிடமிருந்து பதில் வந்து விழும். ஐம்பதின் வர்க்கத்திலிருந்து மூன்றின் வர்க்கத்தைக் கழித்தால் தீர்ந்தது என்பாள், ஏதோ காய் நறுக்குவது மாதிரி. நாணயத்தில் தொடர்ந்து இரண்டு தலை விழ, சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? ஆறு. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை ஒரு டிரேடிங் நிறுவனம் போன மாதம் நேர்முகத்தில் வெளியே அனுப்பிவிட்டது. கல்லூரிக்கு வரும் இரண்டாவது நிறுவனம்தான் இந்த வருஷத்தின் கடைசி. அதன் இறுதிச் சுற்று வியாழக்கிழமை. இந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்றால், அதைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளைக் கவிழ்த்தது கணக்கு இல்லை, விலை சொல்லும் விளையாட்டு. ஒரு எண்ணை மறைத்து வைத்துக்கொண்டு, அதற்கு விலை சொல் என்பார்கள். இந்த விலைக்கு வாங்குவேன், இந்த விலைக்கு விற்பேன் என்று இரண்டு சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் நம்மிடம் வாங்கலாம், நமக்கு விற்கலாம். கடைசியில் எண்ணைத் திறந்து பார்த்து லாப நஷ்டம்.

மெட்டுகுடா மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே இருந்த மிர்ச்சி பஜ்ஜிக் கடையில்தான் தினமும் பயிற்சி. காஞ்சனாவின் ரயில்வே குவார்ட்டர்ஸ் அங்கிருந்து நடக்கிற தூரம். எதிரில் உட்காருவது பத்ரி. அதே வகுப்பு. அவனும் அந்த நிறுவனத்துக்கு முந்தைய சுற்றுகளை எழுதியவன், வகுப்பின் பிளேஸ்மென்ட் பிரதிநிதி வேறு. குகட்பள்ளியிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி இதற்காகவே வந்துகொண்டிருந்தான்.

அன்றைக்கு டம்ளருக்கு அடியில் மூன்று பகடை. மூன்றின் கூட்டுத்தொகைக்கு அவள் விலை சொல்ல வேண்டும். பத்ரி மட்டும் ஒரே ஒரு பகடையை எட்டிப் பார்க்கலாம்.

"பத்துக்கு வாங்குறேன், பதினொண்ணுக்கு விக்கிறேன்" என்றாள். சராசரி பத்தரை, பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"வாங்கிட்டேன் பதினொண்ணுக்கு."

"பத்து, பதினொண்ணு."

"வாங்கிட்டேன்."

"பத்து, பதினொண்ணு!"

"வாங்கிட்டேன். தெறக்கட்டுமா?"

ஆறு, ஐந்து, மூன்று. பதினான்கு. மூன்று முறை விற்றதில் ஒன்பது புள்ளி நஷ்டம்.

"என் கணக்கு சரிதானே? அப்புறம் கைக்கு மாத்தணும், ஏன் மாத்தணும்?" காஞ்சனா சண்டைக்கு நின்றாள்.

"கணக்கு சரிடி. ஆனா ஒருத்தன் ஓடி ஓடி வாங்கறான், அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு கேக்க மாட்டியா? நான் பார்த்தது ஆறு. மத்த ரெண்டும் சேர்ந்து சராசரி ஏழு. எனக்கு இது பதிமூணு பெறும். நீ பதினொண்ணுக்குக் குடுத்தா நான் விடுவேனா?"

அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தன் கணக்கு சரியாக இருக்கும்போது இன்னொருவன் வாங்கினான் என்பதற்காக விலையை நகர்த்துவது, தப்புச் செய்ததை ஒப்புக்கொள்வது போல அவளுக்குக் கசந்தது. சின்ன வயதிலிருந்து முதல் மார்க்கே வாங்கிப் பழகிய வியாதி.

கடுப்பில் அவளே அடுத்த எண்ணைச் சொன்னாள். "நம்ம காலேஜ்ல இருந்து முந்தின சுத்து எழுதினது நாலு பேர். வியாழக்கிழமை உட்காரப்போறது எத்தினி பேரு? நான் விலை சொல்றேன்."

"நக்கோ, இது வேணாம். வேற ஏதாவது வைச்சுக்கலாம்."

"பயமா?"

பத்ரி பஜ்ஜியைக் கீழே வைத்தான். "சரி, சொல்லு."

அவள் மனசுக்குள் கூட்டினாள். தனக்கு மெயில் வந்தாகிவிட்டது, அது ஒன்று. பத்ரி தன்னைவிடக் கெட்டிக்காரன், அது இரண்டு. மற்ற இருவருக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. ஆக மூன்று.

"ரெண்டரைக்கு வாங்குறேன், மூணரைக்கு விக்கிறேன்."

"வித்துட்டேன் ரெண்டரைக்கு."

அதே விலையைத் திருப்பிச் சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. அதை அடக்கிக்கொண்டாள். இவன் ஏன் விற்கிறான்? பிரதிநிதிக்குத்தானே எல்லோரும் முதலில் சொல்வார்கள்? மற்ற இருவரும் போய்விட்டார்கள் போல. அப்படியென்றால் இரண்டு. வாழ்நாளில் முதல் தடவையாக விலையை இறக்கினாள்.

"ஒண்ணே முக்காலுக்கு வாங்குறேன், ரெண்டே காலுக்கு விக்கிறேன்." சொல்லிவிட்டு, எப்படி என்பது போல அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பத்ரி சிரிக்கவில்லை. "வித்துட்டேன்" என்றான். "ஒண்ணே முக்காலுக்கு."

"லூசா நீ? ரெண்டுக்குக் கீழ எப்டிப் போகும்? நான் ஒண்ணு, நீ..."

கடைக்காரர் எண்ணெயில் அடுத்த ஈட்டைப் போட்டார். காஞ்சனா எதிரில் இருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மெயில் எப்போ வந்துச்சு?"

"திங்கட்கிழமை. மூணு பேருக்கும் இல்லைன்னு சேர்த்தே வந்துடுத்து."

"அப்புறமும் டெய்லி வந்து உக்காந்துகினு இருக்கியா? என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? பாவம்னு பார்ப்பே, பயிற்சி வேணாம்பே. ஹவ்வா? ஆமாவா இல்லையா?" அவன் பகடைகளைப் பொறுக்கி டம்ளரில் போட்டான். "மெயில் வந்த அன்னிக்கு எனக்கு வரவே பிடிக்கலே, காஞ்சனா. நிஜமா சொல்றேன். அப்புறம் குகட்பள்ளியில தனியா உட்கார்ந்து என்ன கிழிக்கப்போறேன்னு கிளம்பி வந்துட்டேன்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கையில் கிடைத்த பஜ்ஜியை அவன் மேல் எறிந்தாள்.

"அடுத்த விலை சொல்லு" என்றான் அவன், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "விளையாட்டு முடியலே."

"முக்காலு, ஒண்ணே காலு" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

"இப்போ எனக்கு ஒண்ணும் வேணாம். சரியான விலை."

வியாழக்கிழமை நேர்முகம் வீட்டிலேயே, மடிக்கணினித் திரையில் நடந்தது. தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கி வைத்துக் கத்தாமலிருக்க, பத்ரி வாசலில் காவல் நின்று வண்டிக்காரரிடம் தேவையே இல்லாமல் இரண்டு கிலோ தக்காளி வாங்கினான். உள்ளே, நான்கு பகடைகளின் கூட்டுத்தொகைக்கு விலை கேட்டார் திரையிலிருந்த பெண்மணி. அவர் சிலவற்றைப் பார்த்துவிட்டார். காஞ்சனா பதின்மூன்றுக்கு வாங்குவேன், பதினைந்துக்கு விற்பேன் என்றாள். அவர் உடனே பதினைந்துக்கு வாங்கினார். அவள் பதினைந்து, பதினேழு என்று ஏற்றினாள். மறுபடி வாங்கினார். பதினேழு, பத்தொன்பது. அவர் வாங்குவதை நிறுத்தினார். சராசரி பதினான்குதானே, ஏன் இப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டார். உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, நீங்கள் வாங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றாள் காஞ்சனா. அதைச் சொல்லும்போது அவளுக்குப் பஜ்ஜிக் கடைதான் கண்ணில் வந்தது.

அடுத்த வாரம் அதே கடை. பத்ரி, கல்லூரிக்கு வராத வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். இந்த முறை கேள்வி கேட்பது காஞ்சனா, திணறுவது அவன்.

"இப்போ ஒரு விலை சொல்லு" என்றாள். "எனக்கு வேலை கெடச்சா நூறு, கெடைக்கலைன்னா பூஜ்யம்."

அவன் மேலே பார்த்து யோசித்தான். "அறுபதுக்கு வாங்கறேன், எழுபதுக்கு விக்கறேன்."

"வாங்கிட்டேன் எழுபதுக்கு."

பத்ரி அவளைப் பார்த்தான். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"விலை சொல்லு" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவன் எழுந்தே விட்டான். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. விலையை ஏற்று ஏற்று என்று அவள் உயிரை வாங்கியவன், ஒரு பைசா ஏற்றவில்லை.

"எழுபதுதான்" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எத்தனை வேணுமோ எடுத்துக்கோ."