சுவரொட்டிக்குக் கீழே

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் அந்த அலுவலகத்தில், ஆலோசகரின் முதுகுக்குப் பின்னால் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று பெரிய சுவரொட்டி இருந்தது.

“ஊரே இதைத்தான் சார் படிக்குது. உங்க பொண்ணையும் சிவிலை விட்டுட்டு இதுக்கு மாறச் சொல்லுங்க.”

அப்பா பலமாகத் தலையாட்டினார்.

மகள் இரண்டு வருடமாகக் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவள். பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். அந்த நாட்டு அரசு, எந்தெந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று வெளியிட்ட பத்து வருடப் பட்டியல்கள் அவை.

“தண்ணி, கழிவுநீர் இன்ஜினியர் பத்துலயும் இருக்குப்பா. அங்க பழைய குழாயெல்லாம் மாத்தணும். செய்றவங்க பாதிப் பேர் ரிட்டையர் ஆகப்போறாங்க.”

“பட்டியல் எல்லாம் மாறும்மா,” என்றார் ஆலோசகர்.

அவள் எழுந்துபோய், சுவரொட்டியின் பிரிந்த மூலையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் பழைய சுவரொட்டி: ‘பிளாக்செயின்’. அதற்கும் அடியில் ‘பிக் டேட்டா’.

அப்பா அதன்பிறகு தலையாட்டவில்லை.

மறுவாரம் கழிவுநீர்ப் பொறியியலுக்கு விண்ணப்பம் கொடுக்க இருவரும் வந்தார்கள். ஆலோசகர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பசை இன்னும் காயாத புதுச் சுவரொட்டி: ‘கழிவுநீர்ப் பொறியியல் – இந்த வருடம் ஊரே படிக்கிறது!’