மூன்றாம் பொத்தான்

எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆண்டு இரண்டாயிரத்து எட்டு என்பது மட்டும் உறுதி. மின்வெட்டு மிகுந்திருந்த காலம். அந்தச் சின்ன ரிலே சுவிட்ச் 'டக்' என்று ஒட்டும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்த நாட்களில் நான் அந்த அறையிலேயே இல்லை. அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். மாட்டிய அன்று சில தடவை மட்டும் கேட்ட சத்தம் எப்படி இத்தனை காலம் நினைவில் இருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டிலிருந்தபடி தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த வருடம் சூசைமாணிக்கம் அண்ணனின் அச்சகத்துக்காக எண்ணூறு பக்கத் தாவரப் பெயர் அகராதி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் என் மனைவி நாகஜோதிக்கு ஆறாம் மாதம் நடந்தது. அதற்கு முன் இரண்டு முறை ஐந்தாம் மாதத்திலேயே குழந்தை எங்களை விட்டுப் போயிருந்தது. இந்த முறை பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார். அவளுக்கு அம்மா இல்லை. எனக்கும் யாரும் இல்லை. அவள் பக்கத்தில் நான்தான் இருக்க வேண்டும்.

அச்சகத்தில் போய்ச் சொன்னேன். சூசைமாணிக்கம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ போகணும்டா, வேணாங்கல. ஆனா அகராதி போடுற காலேஜ்ல தேதி குறிச்சிட்டாக. அன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கடைசிப் பக்கம் வரலைன்னா வேலைய மதுரைக்காரன்கிட்டக் குடுத்துருவாக. அப்புறம் அவன்கிட்டருந்து எதுவும் நமக்குத் திரும்பி வராது."

வேலையையும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எங்கள் தமிழ் மென்பொருள், கம்ப்யூட்டரின் பின்புறம் செருகிய 'டாங்கிள்' என்ற குட்டிப் பூட்டு இருந்தால்தான் திறக்கும். என் மேசைக் கம்ப்யூட்டரோ, மானிட்டரும் பெட்டியுமாக, ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில் வைக்கிற பொருள் அல்ல. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கிருந்து இணையம் வழியாக என் வீட்டு மெஷினைத் திறந்து வேலை செய்யலாம் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தால்தானே? கரண்ட் போனால் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். கரண்ட் திரும்பியதும் மோடம் தானாக எழுந்துவிடும், மெஷின் எழாது. தானே எழும் வசதி என் பழைய மதர்போர்டில் இல்லை. யாராவது போய் முன்பக்கப் பொத்தானை ஒருமுறை அமுக்க வேண்டும். பூட்டிய வீட்டில் யார் அமுக்குவது? பக்கத்து வீட்டு அல்போன்சா டீச்சரிடம் சாவி இருந்தது. அவரும் மாலை ஐந்துக்குத்தான் பள்ளியிலிருந்து வருவார்.

அந்த ஒரு அமுக்கலுக்காகத்தான் ஸ்தனிஸ்லாஸைத் தேடிச் செம்பட்டிக்குப் போனேன். முக்கு ரோட்டில் ஒரு சின்னக் கடை. விவசாயிகள் வீட்டிலிருந்தபடியே கிணற்று மோட்டாரைப் போட்டுவிட அவர் பெட்டி செய்து தருவார். பெட்டிக்குள் ஒரு பழைய செல்போன் இருக்கும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். போன் அதிர்வதற்கு உள்ளே ஒரு குட்டி மோட்டார் உண்டல்லவா, அதற்குப் போகும் மின்சாரத்தை அவர் இரண்டு ஒயரில் வெளியே எடுத்து மின்சாரம் வந்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு ரிலே சுவிட்சை இயக்குவார். ரிலே, ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்குகிற வேலையைச் செய்யும்.

"கம்ப்யூட்டருக்கா?" என்று சிரித்தார். "அண்ணே, பொத்தான் எதுவா இருந்தா என்ன, ரெண்டு ஒயர் தொடணும், அம்புட்டுத்தான."

மறுநாளே வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் போர்டில் எந்த ஊசிகளில் செருகியிருக்கின்றன என்று பார்த்தார். அந்த ஒயர்களோடு ரிலேயின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்தார். முன்பக்கப் பொத்தானும் வேலை செய்யும், ரிலேயும் செய்யும்.

"இதுல கரண்டு அடிச்சிராதே?" என்றேன்.

"மோட்டாருக்குன்னா ரிலே வழியா வீட்டுக் கரண்டே போகும். இங்க போகக் கூடாது. போனா போர்டு பஸ்பம். அதான் புது ரிலே." மீட்டரை வைத்து மூன்று தரம் பார்த்தபிறகே மூடினார்.

என் போனிலிருந்து கூப்பிட்டேன். 'டக்' என்றது. ஃபேன் சுழன்றது, பச்சை விளக்கு எரிந்தது. ஜோதியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து முடிப்பதற்குள் எல்லாம் அணைந்தது. மறுபடி கூப்பிட்டேன். எரிந்தது, அணைந்தது.

ஸ்தனிஸ்லாஸ் தன் பெட்டிக்கு அருகே குனிந்து பார்த்தார்.  

"எத்தன செகண்டுல நிக்குது?"

"நாலு, நாலரை."

"அடச் சே!" தலையில் தட்டிக்கொண்டார். "நம்ம பக்கம் லோ வோல்டேஜுல ஸ்டார்ட்டர் சட்டுனு இழுக்காது. அதனால எல்லாப் பெட்டிக்கும் அஞ்சு செகண்டு அமுக்குற மாதிரிதான் வைப்பேன். கம்ப்யூட்டரு நாலு செகண்டுக்கு மேல அமுக்குனா அணைஞ்சிரும்ல? நானே அதத் தட்டி எழுப்பி நானே கழுத்தப் புடிக்கிறேன்."

அமுக்கும் நேரத்தைக் கணக்கிடும் டைமர் சிப்புக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரை மாற்றி அரை விநாடியாக்கினார். போன் எத்தனை மணி அடித்தாலும் முதல் மணிக்கு மட்டும் ரிலே ஒட்டும்படியும் செய்தார். புது சிம் வாங்க போட்டோ, பாரம் என்று இரண்டு நாள் ஆகும் என்பதால், பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய சிம்மையே போட்டிருந்தார். அன்று மாலையே நான் மதுரைக்கு பஸ் ஏறினேன்.

நான்கு நாள் எந்தக் குறையும் இல்லை. காலையில் வராந்தாவிலிருந்து ஒரு மிஸ்டு கால், பிறகு எதிரே போய் வேலை, நடுவில் ஓடிவந்து ஜோதிக்குக் கஞ்சி. ஐந்தாம் நாள் வேலைக்கு நடுவே திரை அப்படியே நின்றது, இணைப்பு அறுந்தது. மிஸ்டு கால் கொடுத்தேன், மெஷின் எழுந்தது. சேமிக்காத பதினொரு பக்கத் திருத்தம் போய்விட்டது. ஆறாம் நாளும் அதே பத்தரை மணிக்கு. ஏழாம் நாளும்.

ஸ்தனிஸ்லாஸைக் கூப்பிட்டேன். "கரண்டு போகல, தானா அணையுதுங்களா? ஓடுறப்ப யாரோ பொத்தான அமுக்குறாகண்ணே. அந்தப் போன்ல வேற யாரு நம்பராச்சும் விழுந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

மாலையில் அல்போன்சா டீச்சர் பார்த்துச் சொன்ன எண்ணுக்கு நான் பேசினேன். ஒரு பெண் எடுத்தார்.

"யாருப்பா அது? செம்பட்டிக்காரனா? மூணு நாளா அமுக்குறேன், மோட்டாரு ஓடல. செவ்வந்திச் செடியெல்லாம் வாடிப் போய் நிக்குது. ஒரு ஆளு இங்கருந்து கிணத்துக்கு நடந்து நடந்து..."

சேவுகம்பட்டி முத்துப்பேச்சி அவர் பெயர். இடியில் கெட்டுப்போன பெட்டிக்குப் பதிலாக ஸ்தனிஸ்லாஸ் புதுப் பெட்டி மாட்டி, புது எண்ணை அவர் கணவர் கருப்பணனிடம் சொல்லியிருக்கிறார். கருப்பணன் அதை வீட்டில் சொல்லவில்லை. அன்றே கேரளாவுக்குப் பூ லாரியில் போய்விட்டார். முத்துப்பேச்சிக்கு எண் படிக்கத் தெரியாது. மகன் வைத்துக் கொடுத்த இரண்டாம் பொத்தானை நீளமாக அமுக்கினால் மோட்டாருக்குப் போகும், அவ்வளவே தெரியும். அந்தப் பொத்தானில் இருந்த பழைய எண்ணின் சிம்தான் இப்போது என் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

நான் விளக்கினேன். 

"அப்ப நான் தண்ணி பாச்சப் போயி உங்க பொட்டிய அமத்திருக்கேனா?"

"ஆமாக்கா."

"எங்க இருக்கீக தம்பி, ஒரே எரைச்சலா கேக்குது?"

சொன்னேன். ஆஸ்பத்திரி, ஜோதி, முந்தைய இரண்டு. முகம் தெரியாத ஒருவரிடம் ஏன் அவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை.

"ரெண்டா?" என்றார். பிறகு, "சரி, போனை வையி அப்பு. இனிமே அமுக்க மாட்டேன்."

அன்றே நான் மெஷினில் ஓர் அமைப்பையும் மாற்றினேன்: ஓடும்போது பொத்தானை அமுக்கினால் எதுவும் செய்யாதே. இனி யார் கூப்பிட்டாலும் அணையாது, அணைந்திருந்தால் எழும் என்று ஸ்தனிஸ்லாஸிடமும் சொன்னேன். ஸ்தனிஸ்லாஸும் மறுநாள் சேவுகம்பட்டிக்குப் போய் இரண்டாம் பொத்தானில் புது எண்ணை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

இப்படியே வாரங்கள் ஓடின. கடைசித் தேதியன்று விடிந்ததும் ஜோதிக்கு வலி கண்டது. எட்டாம் மாதம்தான். உடனே ஆபரேஷன் என்றார்கள். ரத்தம் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், கதவுக்கு வெளியே நின்றேன். அகராதி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. பத்தே முக்காலுக்கு ஒரு நர்ஸ் வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க" என்றார். ஜோதியைப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. இருபத்திரண்டு பக்கம் பாக்கி.

போனை எடுத்தேன். சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. வேறொருவர் போனில் கூப்பிடலாமென்றால் பெட்டியின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. அது போனுக்குள்தான் இருந்தது. முத்துப்பேச்சியைவிட நான் எந்த விதத்திலும் உசத்தி இல்லை என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. முந்தின மாலை வேலை முடிந்ததும் மெஷினை நானே அணைத்திருந்தேன்.

இருந்தும் எதிரே ஓடினேன். பழக்கம்தான். இணையதளத்தைத் திறந்தால் என் மெஷின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பக்கம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு ஜோதியின் கட்டிலருகே நின்றேன். என் மகள் என் உள்ளங்கை அளவே இருந்தாள்.

மாலையில் போனுக்கு உயிர் வந்ததும் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டேன்.

"நீங்க அமுக்குனீகளாக்கா?"

"ஆமா. செம்பட்டிக்காரன் வந்தப்ப, பழைய நம்பர அழிக்காத, மூணாவதுல போட்டுவையின்னேன். ஓடுறப்ப அமுக்குனா ஒண்ணும் ஆகாதுன்னு அவந்தான் சொன்னான். தெனம் என் மோட்டாரப் போட்டதும் உங்க பொட்டிக்கும் ஒண்ணு அமுக்கிருவேன். பிள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு எங்கெங்க ஓடிக்கிட்டு இருக்கீகளோ... திட்டுறீகளா?"

"இல்லக்கா. இன்னைக்குக் காலையில ஜோதிக்குப் பிள்ள பொறந்துருச்சு" என்றேன்.  அந்தப் பக்கம் கிணற்று மோட்டாரின் சத்தம் கேட்டது.

"என்ன பிள்ள?" என்றார்.

"பொண்ணுக்கா."

"நல்லாருக்கட்டும். போனை வையி அப்பு, தண்ணி வரப்பு மீறுது."

மகளுக்கு அன்புக்கரசி என்று பெயர் வைத்தோம். இப்போது கோவையில் படிக்கிறாள். ஜோதி நலமாக இருக்கிறாள். சூசைமாணிக்கம் அண்ணன் காலமாகிவிட்டார். அச்சகத்தை அவர் மருமகன் நடத்துகிறார், வேலை இன்றும் எனக்கே வருகிறது. அல்போன்சா டீச்சர் ஓய்வு பெற்று நத்தத்தில் தம்பியோடு இருக்கிறார். ஸ்தனிஸ்லாஸ் அதே முக்கு ரோட்டில் இப்போது கேமரா மாட்டுகிறார். கருப்பணன் லாரிக்குப் போவதை விட்டுவிட்டார். முத்துப்பேச்சி இன்னும் செவ்வந்தி போடுகிறார். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பஸ்ஸில் ஒரு கூடை வருகிறது. அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ரிலேயை மட்டும் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.