பட்டன் மேசை

என் கத்தரியின் பிடியில் மாட்டியிருந்த ஸ்பாஞ்சுக் குழாயைக் கழற்றிக் குப்பையில் போட்டவன் என் கொழுந்தன். தையல் கடை அவனுடையது. வெட்டு மேசை இருபத்திரண்டு வருடமாக என்னுடையது.

"வர்றவங்க பாக்குறாங்க அண்ணி. நல்லாவா இருக்கு?"

அவன் கண்ணை உறுத்தியது குழாய் அல்ல, என் விரல்கள். ஐம்பத்து நான்கு வயதில் நுனி மூட்டுகளெல்லாம் பட்டாணி வைத்துத் தைத்தது போலப் புடைத்து, ஆள்காட்டி விரல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மூட்டுத் தேய்மானம், புடைப்பு கரையாது, பிடியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். காப்பாற்றிக்கொண்டேன். பிடி தடிமனாக இருந்தால் விரலை இறுக்கி மடக்க வேண்டாம், அதற்குத்தான் குழாய். குண்டூசி குத்தாமல் துணிமேல் இரும்புக் கட்டிகளை வைப்பேன். துணிச்சுருளை விரலால் தூக்காமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். நடுநடுவே கைக்கு ஓய்வு. ஒரு வெட்டுகூடப் பிசகியதில்லை.

"இனிமே நீங்க வெட்ட வேணாம். உக்காந்து பட்டன் தைங்க. சின்ன வேலை, கைக்கு லேசா இருக்கும்."

பெரிய மனசுதான்! ஊசியை நுனிவிரலால் கிள்ளிப் பிடிக்கும்போதுதான் கட்டைவிரலின் அடிமூட்டுக்கு முழு அழுத்தமும் போகிறது. அதை அவனிடம் வாய்விட்டே சொன்னேன்.

"ஊசி என்ன அவ்வளவு கனமா அண்ணி?" என்று சிரித்தான்.

மூன்று நாள் தைத்தேன். நான்காம் நாள் காலையில் பற்பசை மூடியைத் திருக முடியவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன். முதலில் என்மேலேயே கோபம் வந்தது. கடைக்கு நடக்கும் வழியில் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கடையில் அவன் முகம் பேயறைந்தது போல இருந்தது. மேசைமேல் ஒரு கோட்டுத் துணி, அவனே வெட்டியது. கோட்டின் கைப்பகுதிக்கான காகித அச்சைத் திருப்பிப் போடாமல் இரண்டு தடவையும் ஒரே பக்கமாக வைத்து வெட்டியிருக்கிறான். இரண்டும் இடது கை. சாயங்காலம் கோட்டுக்காரர் அளவு பார்க்க வருகிறார்.

"எப்படியாவது சமாளிங்க அண்ணி."

"மேசைய விட்டு நகரு. கத்தரிப் பிடியில துணி சுத்து. தடிமனா."

சுற்றினான். மீதித் துணியில் அச்சைத் திருப்பிப் போட்டு, கட்டிகளை வைத்து, நிறுத்தி நிறுத்தி வெட்டினேன். கட்டைவிரல் அடி கொதித்தது. அவன் துணியைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குதுடா. வலியோட நான் நேரா வெட்டுறேன். ஒரு வலியும் இல்லாம நீ ஒரு கோட்டுக்கு ரெண்டு இடது கை வெட்டி வச்சிருக்க."