அறுபது அடிப் பனை

வீரகத்திக்குத் தன் கட்டைவிரலில் இருந்த நம்பிக்கை பிள்ளையாரில் இருந்த நம்பிக்கையை விட ஒரு பிடி கூடுதல் என்றுதான் சொல்லவேண்டும். அக்கராயன் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணிகளைத் துண்டு துண்டாக அளந்து பிரித்த காலத்தில், நில அளவைக்காரரோடு கம்பி இழுக்கவும் கொடி பிடிக்கவும் நின்ற ஆள் அவர். அங்கேதான் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார். கையை முழங்கை மடியாமல் நேரே நீட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடவேண்டும். கட்டைவிரலைப் படுக்கையாகப் பிடித்து, தூரத்தில் நிற்கிற பொருளின் உயரத்தோடு விரலின் அகலத்தை ஒத்துப் பார்க்கவேண்டும். பொருள் சரியாக விரலுக்குள் அடங்கினால், அதன் உயரத்தின் முப்பது மடங்கு தூரத்தில் அது நிற்கிறது. விரலின் பாதிதான் என்றால் அறுபது மடங்கு. கால்வாசி என்றால் நூற்றிருபது மடங்கு. பொருளின் உயரம் மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

அது மட்டும் தெரிந்திருந்தால்.

சங்கக்கடைக்கு வருகிற லொறியைப் பார்த்துத் தூரம் சொல்லுவார், வயலில் நிற்கிற ஆளைப் பார்த்துச் சொல்லுவார். பலமுறை சரியாகவும் இருந்திருக்கிறது, அதுதான் கேடு. அவருடைய மனைவி சிவனேஸ்வரி மட்டும் இதை ஒரு நாளும் மெச்சியதில்லை. "கிட்ட வந்தாத் தெரியுந்தானே" என்றுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆவணி மாதம், காடு காய்ந்து கிடந்த ஒரு நாளில், காணாமற்போன எருமைகளைத் தேடி வீரகத்தியும் சிவனேஸ்வரியின் தம்பி சின்னராசாவும் விடியப் புறப்பட்டார்கள். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள். வன்னிக்கு வந்து ஆண்டுகள் கழிந்தாலும் காடு அவர்களுக்கு இன்னும் அடுத்த வீட்டுக்காரன் மாதிரித்தான், முகம் தெரியும், குணம் தெரியாது. எருமைக் குளம்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது இரண்டாகப் பிரிந்தது, பிறகு நாலாகப் பிரிந்தது, பிறகு இல்லாமலே போயிற்று. வெயில் உச்சிக்கு வந்தபோது எந்தப் பக்கம் கிழக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். பார்த்த முதிரை மரத்தையே திரும்பவும் பார்த்தது போல இருந்தது. அல்லது அது வேறு முதிரையோ? எல்லா மரமும் ஒரே மரம், எல்லாப் பற்றையும் ஒரே பற்றை. வழி தவறிவிட்டது என்று வீரகத்திக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மச்சானுக்கு முன்னால் அதைக் காட்டுவாரா என்ன?

கடைசியில் ஒரு கற்பாறை வந்தது. மேலே ஏறினால் ஊர் தெரியும் என்று சின்னராசா முன்னால் ஏறினான். பாதியில் கால் வழுக்கியது. விழுந்த சத்தத்தை விட அவன் போட்ட சத்தம் பெரிது. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. வீரகத்தி மரக்கொம்பு வெட்டி, சால்வையைக் கிழித்து, காலைக் கட்டினார். சுரைக்குடுக்கையில் இரண்டு வாய்த் தண்ணீர்தான் மிச்சம். பாறைக்கு அடியில் ஒரு சேற்றுக்குழி இருந்தது. அதைச் சுற்றி யானை லத்தி, சில இன்னும் ஈரமாக. பொழுதுபட்டதும் அவை இங்கேதான் வரும் என்பதைச் சொல்ல வன்னியான் தேவையில்லை.

வீரகத்தி பாறையில் ஏறிப் பார்த்தார். நாலு பக்கமும் காடு. ஒரு பக்கத்தில் மட்டும், மரங்கள் தாழ்ந்த இடைவெளியில், ஒரு மேடும் அந்த மேட்டில் ஒற்றைப் பனையும். அடியிலிருந்து ஓலை வட்டு வரை முழுதாகத் தெரிந்தது. பனையைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. பனையை அளக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்த ஊரில் அவருடைய வீட்டு வளவைச் சுற்றி நின்றதெல்லாம் பனை, பாட்டன் காலத்துப் பனை. வளர்ந்த பனை என்றால் அறுபது அடி. ஒரு அடி கூடலாம், ஒரு அடி குறையலாம்.

கையை நீட்டினார், கண்ணை மூடினார். பனை விரலின் கால்வாசிதான் இருந்தது. நூற்றிருபது மடங்கு. அறுபதை நூற்றிருபதால் பெருக்கினார். ஏழாயிரத்து இருநூறு அடி. ஒன்றேகால் மைலுக்கும் மேலே.

ஒழுங்கையில் ஒன்றேகால் மைல் என்றால் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்துவிடலாம். இந்த முட்காட்டில், பாதையில்லாமல், கத்தியால் வெட்டி வெட்டிப் போக வேண்டும். போகவே பொழுது பட்டுவிடும். ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவது எப்போது? இவன் இங்கே காலை நீட்டிக்கொண்டு யானைக்குக் காவல் இருப்பதா? அதை விடப் பக்கத்தில் இருந்து நெருப்பு மூட்டி இரவைக் கழிப்பதுதான் புத்தி என்று தீர்மானித்தார். கணக்கு அப்படிச் சொல்லிற்று.

ஆனால் காது வேறொன்றைச் சொல்லிற்று. முதலில் ஒரு சேவல் கூவியது. காட்டுச் சேவல் என்று நினைத்துக்கொண்டார். பிறகு காற்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பியபோது தகரம் தட்டுகிற சத்தம் வந்தது. டங்கு, டங்கு, டங்கு. கொஞ்சம் நிற்கும், பிறகு வரும்.

இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். காற்று எதிர்க்காற்று, கூப்பிட்டது அவர்களுடைய முகத்திலேயே திரும்பி விழுந்தது.

"அத்தான், அது அக்கா கிளி கலைக்கிற தகரம்" என்றான் சின்னராசா. வியர்வையில் நனைந்து, உதடு வெளிறிக் கிடந்தான்.

"விசர்க்கதை கதையாதை. காலமை முழுக்க நடந்திருக்கிறம். வீடு எங்கையோ கிடக்குது. இது ஆரோ வன்னிப் பழைய ஊர்ச்சனம்."

"தகரம் எனக்குக் கிட்டக் கேக்குது."

வீரகத்தி திரும்பவும் ஏறினார், திரும்பவும் அளந்தார். அதே கால்வாசி. ஒன்றேகால் மைலில் தட்டுகிற தகரம் இப்படிக் கேட்குமா? கேட்காது. அப்படியானால் விரல் பிழையா? விரல் எப்படிப் பிழைக்கும்? பனை பிழையா? பனை எப்படிப் பிழைக்கும்? காடு ஆளை ஏய்க்கும், இல்லாத சத்தத்தைக் கேட்கப்பண்ணும் என்று பழைய ஊர்க்காரர் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. இறங்குவார், சின்னராசாவைத் தூக்கப் பார்ப்பார், அவன் அலறுவான், விடுவார். விறகு பொறுக்குவார், பாதியில் போட்டுவிட்டுப் பாறையில் ஏறுவார். மனுசன் இப்படி ஏறி இறங்கியே பின்னேரத்தின் பாதியைத் தின்றுவிட்டார். தண்ணீரும் முடிந்தது.

சின்னராசா அவருடைய கையைப் பிடித்தான். பிடி கொதித்தது.

"அத்தான், விரலை விட்டிட்டுக் கொஞ்சம் காதைக் குடுங்கோ. என்னை விட்டிட்டுப் போங்கோ. போகாட்டி ரெண்டு பேரும்தான்."

வீரகத்திக்கு அழுகை வந்தது. அவனைச் சுற்றி மூன்று பக்கமும் நெருப்பு மூட்டி, விறகைக் கைக்கெட்டுகிற தூரத்தில் குவித்து, கத்தி ஒன்றை மடியில் வைத்துவிட்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டார்.

ஒரு சுருட்டுப் பிடித்து முடிகிற நேரம் நடந்திருப்பார். அதற்குள் திசை தவறிவிட்டதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பாலை மரத்தில் தொற்றி ஏறிப் பார்த்தார். பனை நேரே நின்றது. பழக்கதோஷம், கை தானாக நீண்டது. விரலைப் படுக்கையாகப் பிடித்தார்.

பனை விரலின் பாதிக்கு வந்திருந்தது.

கண்ணை மாற்றி மூடிப் பார்த்தார். பாதிதான். கால்வாசி பாதியானால் தூரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று கணக்கு. அப்படியென்றால் நடந்தது எவ்வளவோ அவ்வளவுதான் இனி மிச்சம். நடந்ததோ இந்தா, பாறை பின்னாலே கிட்டத் தெரிகிறது, கால் மைல்கூட இல்லை. அறுபது அடிப் பனையென்றால் இதற்குள் முக்கால் மைல் நடந்திருக்கவேண்டுமே! கிளையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். விரல் பொய் சொல்லவில்லை. தூரம் அரை மைல்கூட இல்லை என்றால் பனை அறுபது அடி இல்லை. இருபது அடி இருக்கும். வளர்ந்த பனையில்லை அது, இளம் வடலி.

ஐயோ, வடலி! பாதிப் பின்னேரமும் அந்தப் பிள்ளை அங்கே துடித்தான்.

மரத்திலிருந்து இறங்கினாரோ விழுந்தாரோ தெரியாது. முள் கிழித்ததும் தெரியாது. தகரம் பெரிதாகப் பெரிதாக ஓடினார். காடு முடிந்து, வேலி வந்து, வேலிக்கு அப்பால் மேடு வந்து, மேட்டில் வடலி நின்றது. கீழோலைகளை வேலி அடைக்க வெட்டி எடுத்ததால் தண்டு வெளித்து, தூரத்திலிருந்து பார்த்தால் வளர்ந்த பனை போலவே நின்றது. அதன் அடியில் மண்ணெண்ணெய்த் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு சிவனேஸ்வரி இருந்தாள். அவருடைய வளவு, அவருடைய வேலி, அவருடைய மனைவி. சுற்றிச் சுற்றி வந்து சொந்த வளவின் பின்பக்கத்தைத்தான் இவ்வளவு நேரமும் அளந்திருக்கிறார்.

இரண்டு சொல்லில் நடந்ததைச் சொன்னார். அவள் எழுந்து நின்று பக்கத்துக் காணிக்காரர்களைக் கூப்பிட்ட சத்தத்தில் வயல்வெளி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆட்கள் கயிற்றுக் கட்டிலும் பந்தமும் எடுத்து வருவதற்குள் அவர் கேட்டார், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கிளிக்கோ தட்டினனீர்?"

"கதிர் இல்லாத ஆவணியிலை என்ன கிளி? மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் வரேல்லை. வழி தெரியாமல் நிண்டா இந்தச் சத்தத்துக்கு வருவியள் எண்டுதான். உந்தப் பனை தெரியேல்லையோ உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. அறுபது அடி எண்டு நினைச்சன்."

சிவனேஸ்வரி அவரைப் பார்த்தாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பார்.

"மூத்தவளுக்கு எத்தினை வயசு?"

"பன்னிரண்டு."

"அவள் பிறந்த கிழமை நான் விதை ஊண்டினனான். வெட்டின காட்டிலை பனங்கொட்டை புதைக்கிறீர் எண்டு நீங்கள்தான் சிரிச்சனீங்கள்."

இந்தக் குடியேற்றத்தில் யாருடைய பாட்டன் வந்து அறுபது அடிப் பனை வளர்த்தான்? தினமும் அதற்குக் கீழேதான் பல் விளக்குகிறார். ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆட்கள் கூட்டமாகப் போனபோது நெருப்பு மூன்றில் ஒன்று அணைந்திருந்தது. சின்னராசா கத்தியைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தான். சேற்றுக்குழிக்கு அப்பால் மரக்கொம்பு முறிகிற சத்தம் கேட்டது. அவனைக் கட்டிலில் தூக்கி வைத்துத் திரும்பினார்கள். கட்டிலின் முன் காலை வீரகத்தி தோளில் வைத்திருந்தார். வேறு ஆள் மாற்ற வந்தபோது விடவில்லை.

பாதி வழியில் சின்னராசா கண்ணைத் திறந்தான். மைம்மல் பொழுது, ஒன்றும் தெரியவில்லை.

"அத்தான், இன்னும் எவ்வளவு தூரம்?"

வீரகத்தியின் கட்டைவிரல் கட்டில் காலைச் சுற்றி இறுகிக் கிடந்தது.

"தெரியாதடா தம்பி" என்றார். "உன்ரை அக்கா இன்னும் தகரம் தட்டுறா. கேக்குதுதானே? கிட்டத்தான்."