மஞ்சளில் தொடங்காத பட்டியல்

தணிகாசலத்தின் மளிகைக்கடையில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்படாத வார்த்தைகள் இரண்டு. ஒன்று, "சரக்கு இல்லை." இன்னொன்று, "எனக்குத் தெரியாது." முதல் வார்த்தையைப் பாட்டன் விலக்கினார், இரண்டாவதைத் தகப்பன் விலக்கினார். தணிகாசலம் இரண்டையும் சேர்த்துக் காத்துவந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்த சோதனை, தட்டச்சு செய்த ஒரு காகிதமாக வந்தது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் புதிதாக எழும்பியிருந்த ஆலையில் ஸ்டோர் ஆபீசர் நரசிம்மன். போல்ட்டும் நட்டும் எண்ணி வந்தவர் தலையில் அந்த மாதம்தான் கேண்டீனையும் கட்டியிருந்தார்கள். அவரே ஜீப்பில் வந்து இறங்கிப் பட்டியலை நீட்டினார்.

"பன்னெண்டு ஐட்டம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வேணும். சரியா வந்தா வருஷம் முழுக்க உங்க கடைதான். இல்லேன்னா..." என்று எதிர்ச்சாரியைப் பார்த்தார். அங்கே முனிரத்தினம் தன் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கமே காதை நீட்டிக்கொண்டிருந்தார்.

பட்டியல் முழுக்க இங்கிலீஷ். தணிகாசலத்துக்கு எண்கள் தெரியும், கிலோ என்பதற்கான இரண்டு எழுத்தும் தெரியும். மற்றதெல்லாம் எறும்பு வரிசை.

"படிக்க முடியுதுங்களா?" என்றார் நரசிம்மன்.

"இன்னா அண்ணாத்த, கண்ணாடி வேணுமா?" என்று எதிர்ச்சாரியிலிருந்து குரல் வந்தது.

தணிகாசலம் முதுகை நிமிர்த்தினார். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து லிஸ்ட்டு படிக்கிற குடும்பம் சார். போய்ட்டு வாங்க."

ஜீப் போனதும் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தார். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வரிகளை எண்ணினார். பன்னிரண்டு. ஒரு சமையலுக்கு வேண்டிய பருப்பும் மசாலாச் சாமானும் எத்தனை? அதுவும் பன்னிரண்டு! வழி பிறந்தது.

உலகத்தில் எந்த மளிகைப் பட்டியலும் மஞ்சளில்தான் தொடங்கும். மங்கலம் அது. பிறகு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, பாசிப்பயறு. அப்புறம் மிளகாய், தனியா, மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு. கடைசியில், வாசனை மற்றதில் ஏறாமல் இருக்கத் தனியாகக் கட்டும் பெருங்காயம். வெள்ளைக்காரன் மொழியானாலும் வீட்டு ஒழுங்கு மாறுமா? வரிசைப்படி எண்ணைப் பொருத்தினார்.

மஞ்சள் நூறு கிராம். துவரம்பருப்பு பத்து கிலோ. சரிதான். எட்டாவது வரியில் மிளகு பத்து கிலோ என்று வந்தபோது புருவம் ஏறியது. இரும்பு அடிப்பவர்கள், காரம் கேட்கும் உடம்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பதினோராவது வரியில் கடுகு ஐம்பது கிலோ.

"இது இன்னா கூத்து?" என்றாள் மனைவி மரகதம். "அம்பது கிலோ கடுகுல ஊரே தாளிக்கலாமே!"

"பெரிய கம்பெனி. பெருசாத்தான் தாளிப்பான்."

"பெருங்காயம் ரெண்டு கிலோவா? யாருன்னா ஒருத்தரைக் கேட்டுடேன்யா."

"கேக்கிறதா? இந்த வூட்ல?"

அத்தோடு பேச்சு முடிந்தது. இருந்த கடுகையெல்லாம் மூட்டை கட்டினார். போதவில்லை. கடைத்தெருவில் கடை கடையாக ஆள்விட்டு வாங்கினார், முனிரத்தினம் கடையிலும் டின்னோடு காலியானது. பெருங்காயத்துக்குக் காஞ்சிபுரம் பஸ்ஸில் தாமே போய் வந்தார். திரும்பும்போது அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி ஆலை வாசலில் நின்றது. நரசிம்மன் மூட்டையைப் பிரிக்கவில்லை, தராசில் ஏற்றினார். முதல் வரி நூறு கிராம், சரி. இரண்டாவது பத்து கிலோ, சரி. பன்னிரண்டும் எடை குறையாமல் நின்றன. பட்டியல் வரிசைப்படி ஒவ்வொன்றிலும் இங்கிலீஷில் பெயர்ச்சீட்டு ஒட்டி, ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

"பிரமாதம். ஆனா இந்த டர்மரிக் ஏன் இப்படி மணக்குது?"

"புதுச் சரக்கு" என்றார் தணிகாசலம்.

அவர் கிளம்புவதற்குள் கேண்டீன் சமையற்காரி லூர்தம்மாள் அண்டாவோடு வந்தாள். முன்னூறு பேருக்குச் சாம்பார். மூட்டையைப் பிரித்தவள் கையை விட்டு அள்ளிப் பார்த்து, நரசிம்மனிடம் காட்டினாள்.

"சார், பருப்பு கேட்டா கடுகு கொடுத்துக்கினு கீறீங்களே!"

"சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"ரெட் கிராம்."

"அப்போ அது ரெட் கிராம். எடையும் சரி, ரசீதும் சரி. எடுத்துக்கிட்டுப் போய் வேக வை."

"கடுகை வேக வெக்கிறதா? ஷிப்டு வுட்டு வர்றவன் கரண்டியால என்னைத்தான் அடிப்பான் சார்."

"பதினஞ்சு நாளுக்கு முன்னாடியும் பருப்பு வேகலேன்னு கம்ப்ளெயின்ட் உன்மேல. இன்னிக்கும் சாப்பாடு நின்னுச்சுன்னா உன்னை எடுத்துடுவேன். கடைக்காரரையே கேளேன். நீங்க சொல்லுங்க, இது ரெட் கிராம்தானே?"

தணிகாசலம் மனக்கணக்குப் போட்டார். ஆமாம் என்றால் வருஷத்துக்கும் ஆலை அவருடையது. அந்தப் பெண்ணின் பிழைப்பு போகும். இல்லை என்றால் பாட்டன் முதல் எல்லோரும் தலை குனிவார்கள். லூர்தம்மாள் அவர் மடியிலிருந்து எட்டிப்பார்த்த பட்டியலைக் கண்டாள்.

"கொடுங்க மொதலாளி. நான் மிஷன் ஆஸ்டல் சமையல்கட்டுல எட்டு வருசம் இருந்தவ. சிஸ்டருங்க இப்படித்தான் எழுதுவாங்க." விரலை வைத்துப் படித்தாள். "அசஃபோட்டிடா, பெருங்காயம். பெங்கால் கிராம், கடலைப்பருப்பு. பிளாக் கிராம், உளுந்து. சில்லீஸ் மிளகாய், கொரியாண்டர் தனியா, கியூமின் சீரகம், ஃபெனுகிரீக் வெந்தயம். கிரீன் கிராம் பாசிப்பயறு, மஸ்டர்ட் கடுகு, பெப்பர் மிளகு. ரெட் கிராம்னா துவரை. டர்மரிக் மஞ்சள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து வரிசை."

பெருங்காயத்தில் தொடங்கி மஞ்சளில் முடியும் பட்டியல்! எழவு வீட்டுக்குக்கூட அப்படி எழுத மாட்டார்கள். ஆத்திரத்தோடு அதைச் சொல்லத்தான் தணிகாசலம் வாயைத் திறந்தார். ஆனால் அண்டாவைப் பிடித்திருந்த லூர்தம்மாளின் கை அவர் கண்ணில் பட்டது.

"சார்" என்றார். "அது கடுகுதான். அந்தம்மா மேல தப்பில்ல. லிஸ்ட்டுல இருந்தது எனக்குத்..." நிறுத்தி, முதுகை இன்னும் நிமிர்த்தினார். "எனக்குத் தெரியாது."

கூரை இடியவில்லை. நரசிம்மன் மட்டும் மூட்டையையும் ரசீதையும் மாறி மாறிப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டதை ரத்து பண்ண ரூல் இல்லையே. நீங்க திருப்பி எடுத்துக்கிட்டாத்தான் உண்டு."

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

இரண்டு மானமும் மோதிக்கொண்டதில் கடுகு ஆலையிலேயே தங்கியது. பன்னிரண்டு மணிக்குள் தணிகாசலம் தம் கடையிலிருந்து ஐம்பது கிலோ துவரம்பருப்பை, விலை பேசாமல், கொண்டுவந்து இறக்கினார். சாம்பார் இரண்டரைக்குத்தான் கொதித்தது. ஆனால் லூர்தம்மாள் வேலையில் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில்தான் ஒரு வாரம் எந்த வீட்டிலும் தாளிக்கும் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஜீப் மறுபடி தணிகாசலம் கடை முன்னால்தான் நின்றது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சப்ளையரை நரசிம்மன் தம் சர்வீஸில் பார்த்ததில்லையாம். புதிய பட்டியலில் ஒவ்வொரு இங்கிலீஷ் பெயருக்கும் பக்கத்தில் லூர்தம்மாளின் கையெழுத்தில் தமிழ். முதல் வரி மஞ்சள். இரண்டாவதிலிருந்து அசஃபோட்டிடா முதலாக அவர்கள் வரிசை. கடுகு வரியில் மட்டும் ஒரு கோடு.

"இன்னா அண்ணாத்த!" என்றார் முனிரத்தினம். "ஃபெனுகிரீக்குன்னா இன்னான்னு தெரியுமா?"

தணிகாசலம் கல்லாவை விட்டு எழுந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"போன மாசம் தெரியாது. இப்போ தெரியும். வெந்தயம்!"