மகாபலிபுரம் ஹோட்டல்

மாமல்லபுரத்து விடுதிகளுக்காக யோகேஸ்வரியும் ஜம்புலிங்கமும் கேளம்பாக்கத்தில் கூட்டாக ஒரு தமிழ் இணையதளம் நடத்தினார்கள். தேடுகிறவர்கள் ‘மகாபலிபுரம் ஹோட்டல்’ என்றுதான் தட்டச்சு செய்கிறார்கள், தலைப்பில் அதையே வைப்போம் என்று அவள் மன்றாடினாள்.

“கிரந்த எழுத்தா? நம்ம சைட்ல அது நுழையவே கூடாது. ‘மாமல்லபுரம் தங்கும் விடுதி’, அவ்ளோதான்!” என்று சீறினான். தமிழ்ப்பற்று என்று நம்பித் தொலைத்தாள். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

ஒருநாள் அவளே ‘மகாபலிபுரம் ஹோட்டல்’ என்று தேடினாள். முதலிடத்தில் ஒரு புதிய தளம். ஹோட்டல், ஓட்டல், ரிசார்ட், பீச் என்று அவள் பொறுக்கிக் கொடுத்த சொற்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. அடியில் ஜம்புலிங்கத்தின் கைபேசி எண்.

அவனை அழைத்துக் கத்தினாள்.

“இன்னாத்துக்குக் கத்தற? ஜனங்க இன்னா டைப் பண்றாங்களோ அத்தத்தான் போடணும்னு நீதானே சொன்ன?” என்றான்.